வியட்நாம் பதின்வயதினரின் இணையக் கொச்சை: மொழிபெயர்ப்பவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

வியட்நாமியக் கதைகளையும் தொடர்களின் வசனவரிகளையும் தமிழுக்குக் கொண்டுவரும் நண்பர்கள் திரும்பத் திரும்ப என்னிடம் கேட்கும் சந்தேகங்களை இங்கே சேர்த்திருக்கிறேன். கேள்விகள் அவர்கள் கேட்ட வார்த்தைகளிலேயே இருக்கின்றன. திரையில் தட்டப்படும் வியட்நாமியச் சொற்களை அதே எழுத்தில் கொடுத்திருக்கிறேன், ஏனென்றால் இந்த விஷயத்தில் எழுத்தின் மேலோ கீழோ வரும் ஒரு குறி மாறினாலும் பொருள் மாறிவிடும்.

"ko, dc, j, z, r... இதெல்லாம் என்ன? பசங்களோட ரகசிய மொழியா?"

ரகசியம் ஒன்றுமில்லை, பெரும்பாலும் விரலுக்கு வேலை குறைக்கும் பழக்கம்தான். không என்றால் 'இல்லை'; அது ko அல்லது k ஆகிறது. được என்றால் 'முடியும், கிடைத்தது', அது dc. gì என்றால் 'என்ன'; அது j. rồi என்றால் 'ஆச்சு', அது r. mọi người, அதாவது 'எல்லாரும்', mn ஆகிறது. வியட்நாமியத்தில் ஒவ்வொரு அசையையும் தனித்தனியாகப் பிரித்து எழுதுவார்கள். அதனால் அசையின் முதல் எழுத்தும் கடைசி எழுத்தும் இருந்தாலே படிக்கிறவருக்கு மீதி தெரிந்துவிடும்.

z கொஞ்சம் சுவாரசியமானது. வியட்நாமிய அரிச்சுவடியில் 29 எழுத்துகள். அவற்றில் f, j, w, z நான்கும் கிடையாது. சும்மா கிடந்த எழுத்துகளைப் பிள்ளைகள் எடுத்துக்கொண்டார்கள். vậy என்ற சொல் கேள்வி வாக்கியத்தின் கடைசியில் வரும், நம் 'அப்படியா, ஏன்டா' தொனியில். தெற்கில் அதை 'யய்' போலத்தான் உச்சரிப்பார்கள், எழுத்தில் dậy, zậy என்று வந்து கடைசியில் z மட்டும் மிஞ்சியது.

குறுக்கியதற்குக் காசும் ஒரு காரணம். குறிகள் இல்லாத ஒரு குறுஞ்செய்தியில் 160 எழுத்துகள் போகும். வியட்நாமியக் குறிகளோடு அனுப்பினால் 70தான். தமிழில் குறுஞ்செய்தி அனுப்பினாலும் அதே 70தான், அதனால் நமக்கு இது புரியாத கதை இல்லை. யாகூ 360 வலைப்பூக்கள் இருந்த காலத்தில், அந்தச் சேவை 2009இல் மூடப்பட்டது, பிள்ளைகள் a-க்குப் பதில் 4, e-க்குப் பதில் 3 என்று அலங்காரமாகவும் எழுதினார்கள். அதற்கு டீன்கோட் என்று பெயர். இப்போதைய பிள்ளைகளுக்கு அந்த அலங்காரம் பழசு. அவர்களுடைய விளையாட்டு ஒலியில் இருக்கிறது.

"அப்போ எல்லாத்தையும் விரிச்சு, சாதாரணத் தமிழ்ல எழுதிட்டா போதுமா?"

பாதிக்குப் போதும். நான் வைத்திருக்கும் சோதனை இது: அந்த வரியைப் பதினாறு வயது வியட்நாமியப் பெண் ஒருத்தி படித்தால், அந்த எழுத்து அவள் கண்ணில் படுமா? ko என்று இருந்தால் படாது. அவளுக்கு அது வெறும் 'இல்லை'. தமிழிலும் வெறும் 'இல்ல' என்று போட்டுவிடலாம். வாசகர் நின்று கவனிக்கும்படி அங்கே எதுவும் செய்யக்கூடாது.

ஆனால் அதே không-ஐ khum என்று எழுதியிருந்தால் அவள் சிரிப்பாள். அது கொஞ்சல். 2021 வாக்கில் பரவிய வடிவம், மழலை பேசுகிற மாதிரி உதட்டைக் குவித்துச் சொல்வது. அதற்கு 'இல்லை' என்று எழுதினால் பெண்ணின் முகமே காணாமல் போய்விடும். நான் 'மாத்தேன் போ' என்று எழுதுவேன். 'மாட்டேன்' மழலையில் 'மாத்தேன்' ஆவது தமிழ் வீடுகளில் எல்லாருக்கும் தெரியும். பொருள் துல்லியமாக 'இல்லை' இல்லையே என்று கவலைப்பட வேண்டாம், அந்த வரியில் வேலை செய்வது கொஞ்சல்தான்.

ஆக, கண்ணில் படாததை விரித்துக் கரைத்துவிடுங்கள். கண்ணில் படுவதற்கு அதே வேலை செய்யும் தமிழைத் தேடுங்கள். அந்த எழுத்தே கதையில் பேசுபொருளாக இருந்தால் மட்டும் அப்படியே வையுங்கள். அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

"ஒரே குறுக்கத்துக்கு ரெண்டு மூணு அர்த்தம் வருதே, எதை எடுத்துக்கிறது?"

இங்கேதான் அதிகத் தவறுகள் நடக்கின்றன. bn என்றால் bạn, 'நண்பன்'; அல்லது bao nhiêu, 'எவ்வளவு'. mk என்றால் mình, 'நான்'. அல்லது mật khẩu, 'கடவுச்சொல்'. k தனியாக நின்றால் 'இல்லை'; எண்ணுக்குப் பின்னால் ஒட்டினால் வியட்நாம் பணத்தில் ஆயிரம் டோங். 30k என்பது முப்பதாயிரம் டோங், அங்கே 'இல்லை'க்கு வேலையில்லை. vs என்றால் với, 'கூட'. அதை 'எதிராக' என்று எடுத்துக்கொண்டு, ஒன்றாகச் சினிமாவுக்குப் போனவர்களை மோதவிட்ட மொழிபெயர்ப்பை நான் திருத்தியிருக்கிறேன். 2k8 என்பது இரண்டாயிரத்து எண்ணூறு இல்லை, 2008இல் பிறந்தவர். நாம் '2கே கிட்ஸ்' என்று மொத்தமாகச் சொல்வதை அவர்கள் வருடத்தோடு சொல்கிறார்கள்.

குறிகளே போடாமல் எழுதினால் குழப்பம் இன்னும் கூடும். ban என்ற மூன்று எழுத்து bạn ஆனால் 'நண்பன்', bận ஆனால் 'வேலையா இருக்கேன்', bán ஆனால் 'விற்க', bàn ஆனால் 'மேசை'. e ban r என்று ஒரு பெண் எழுதியிருக்கிறாள் என்று வையுங்கள். பழைய துணி விற்கும் பக்கத்தில் எழுதியிருந்தால் 'வித்துட்டேன்'. 'சாயங்காலம் வர்றியா?' என்று கேட்டவனுக்குப் பதிலாக எழுதியிருந்தால் 'வேலையா இருக்கேன்'. முந்தைய வரியைப் படிக்காமல் ஒரு குறுக்கத்தையும் விரிக்காதீர்கள்.

புதிதாக ஏதாவது கண்ணில் பட்டால், அந்தச் சொல்லோடு là gì என்று சேர்த்துத் தேடுங்கள். 'என்றால் என்ன' என்று அர்த்தம். வியட்நாமியப் பெற்றோரும் ஆசிரியர்களும் அப்படித்தான் தேடுகிறார்கள், அதனால் விளக்கம் பெரும்பாலும் கிடைத்துவிடும்.

"ஒரு உரையாடலை முழுசா எடுத்துப் பண்ணிக் காட்டுங்களேன்"

ஒரே வகுப்பில் படிக்கும் இரண்டு பெண்கள், ராத்திரி பத்து மணிக்குப் பேசுவதாக நானே எழுதியது:

```
- m ơi mai ktra sử hả
- uk. t chưa hc j lun
- toang r =))
- à hqa m đi vs ai z, ny hả
- hem. bn thui
- bn thui mà cười hoài
```

m என்பது mày, 'நீ'. Ơi என்பது கூப்பிடும் விளி. mai நாளை, ktra என்பது kiểm tra, 'டெஸ்ட்', sử வரலாறு. uk என்பது 'ம்' என்று ஒப்புக்கொள்ளும் ừ, பின்னால் ஒட்டிய k-க்குப் பொருள் இல்லை. t என்பது tao, 'நான்'. chưa hc j lun விரித்தால் chưa học gì luôn, 'ஒண்ணுமே படிக்கல'. toang என்றால் உடைந்து சிதறுவது, 'போச்சு'. hqa 'நேத்து', vs ai z 'யார்கூட', ny என்பது người yêu, காதலிக்கும் ஆள். hem மறுபடியும் không-இன் ஒரு வேஷம், thui என்பது thôi, 'மட்டும்'. bn இங்கே 'எவ்வளவு' ஆகாது. 'யார்கூட' என்ற கேள்விக்குப் பதில் என்பதால் 'நண்பன்'.

தமிழில் நான் இப்படி எழுதுவேன்:

'ஏய், நாளைக்கு ஹிஸ்டரி டெஸ்ட்டாடி?'
'ம்ம். நான் ஒண்ணுமே படிக்கல'
'சோலி முடிஞ்சுது 😂'
'ஆமா, நேத்து யார்கூட போன? உன் ஆளா?'
'ம்ஹூம். ஃப்ரெண்டுதான்'
'ஃப்ரெண்டுக்கா அவ்வளவு சிரிப்பு'

இரண்டு இடங்களைக் கவனியுங்கள். ny ஆண்பால் பெண்பால் சொல்லாது. காதலன், காதலி இரண்டில் ஒன்றைப் போட்டால் கதை இன்னும் சொல்லாததை நாம் சொல்லிவிடுவோம். தமிழ்ப் பிள்ளைகள் சொல்லும் 'ஆளு' அதே மாதிரி பால் காட்டாது, வயதும் பொருந்துகிறது. அடுத்தது அந்த 'டி'. மூலத்தில் பால் காட்டும் எழுத்து எதுவும் கிடையாது. m, t என்று பேசிக்கொள்ளும் நெருக்கத்தைத் தமிழில் காட்ட வேறு வழியில்லாததால் சேர்த்தேன். பேசுகிறவர்கள் பெண்கள் என்று கதையில் உறுதியாகும்வரை இதைச் செய்யக்கூடாது. அதுவரை 'ஏய்' மட்டும் போதும்.

"அவங்க குறுக்கி எழுதுறாங்க, நாமளும் தமிழ்ல குறுக்கி எழுதினா என்ன?"

தமிழ்ப் பிள்ளைகள் குறுக்கும்போது பெரும்பாலும் ஆங்கில எழுத்தில் தட்டித்தான் குறுக்குகிறார்கள். தமிழ் எழுத்தில் உயிர்மெய்யை உடைத்து 'ந்ளக்கு வ்ரயா' என்று எழுதுகிறவர் யாரும் இல்லை. அப்படி எழுதினால் வாசகர் அச்சுப்பிழை என்று நினைப்பார். பக்கம் பக்கமாக ஆங்கில எழுத்துத் தமிழைக் கொடுத்தால் கண் வலிக்கும்.

நம்முடைய சுருக்கம் பேச்சில் இருக்கிறது. 'தெர்ல', 'வர்ல', 'ம்ம்' போன்றவை எழுத்தைக் குறைப்பதோடு வயதையும் காட்டிவிடும். ஒரு பக்கத்துக்கு இரண்டு மூன்று இடத்தில் வந்தால் போதும், மீதியை வாசகர் காதே நிரப்பிக்கொள்ளும். முற்றுப்புள்ளியை விடுவதும் உதவும். மேலே உள்ள தமிழில் வரிகளின் கடைசியில் புள்ளி வைக்காதது அதனால்தான்.

"t, m, a, e, c எல்லாமே நான், நீ தானே? அதுல என்ன பெரிய வித்தியாசம்?"

வியட்நாமியத்தில் உறவே இந்தச் சொற்களில்தான் இருக்கிறது. t, m என்பவை tao, mày: சம வயதுத் தோழர்களின் வாடா போடா. t-யும் c-யும் சேர்ந்து வந்தால் tớ, cậu: அதே வகுப்புதான், ஆனால் இன்னும் கொஞ்சம் மரியாதை, கொஞ்சம் தள்ளி நிற்பது. a, e என்பவை anh, em: நேர்ப்பொருள் அண்ணன், தங்கையோ தம்பியோ. ஆனால் காதலர்களும் கணவன் மனைவியும் ஒருவரை ஒருவர் அப்படித்தான் அழைப்பார்கள்.

ஆகவே முதல் வேலை, t-க்குப் பக்கத்தில் m இருக்கிறதா c இருக்கிறதா என்று பார்ப்பது. c தனியாக வந்தால் chị, 'அக்கா' என்றும் இருக்கலாம். எதிரில் e இருந்தால் அக்காதான். தமிழில் தயங்காமல் 'அக்கா' போடலாம். உறவுச்சொல்லை 'நீ' என்ற இடத்தில் வைத்துப் பேசுவது நமக்கு இயல்பு, 'அக்கா சாப்ட்டீங்களா?' என்று தினமும் கேட்கிறோம். அந்த விதத்தில் வியட்நாமியத்துக்குத் தமிழ் நல்ல துணை.

சிக்கல், மாறும் இடத்தில் வரும். இருபது அத்தியாயமாக t, m என்று சண்டை போட்ட பையன் ஒரு நாள் ராத்திரி e ngủ chưa என்று அனுப்புகிறான். 'தூங்கிட்டியா?' என்று மட்டும் மொழிபெயர்த்தால் அந்த அத்தியாயமே வீண். அந்த ஒற்றை e-யில் அவன் காதலைச் சொல்லிவிட்டான். 'தங்கச்சி' என்று எழுதினால் தமிழில் காதல் செத்துவிடும். நான் இப்படிச் செய்வேன்: அதுவரை அவன் வரிகளில் ஒன்று விடாமல் 'டி' வைத்துக்கொண்டு வந்து, அந்த ராத்திரி அதை எடுத்துவிட்டு, அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட வைப்பேன். 'லின்... தூங்கிட்டியா?' அடுத்த வரியில் அவள் எதையும் பதில் எழுதாமல் திரையைப் பார்த்துக்கொண்டிருப்பதற்குக் காரணம் அப்போதுதான் வாசகருக்குத் தெரியும். இதற்கு முதல் அத்தியாயத்திலிருந்தே திட்டம் வேண்டும், கடைசியில் ஒட்ட முடியாது.

"பத்தாம் வகுப்புப் பசங்க vk, ck-னு கூப்பிட்டுக்கிறாங்க. கணவன், மனைவினு போட்டா கல்யாணம் ஆனவங்க மாதிரி ஆகுதே?"

ஆம், போடக்கூடாது. vk என்பது vợ, ck என்பது chồng. அகராதியில் மனைவி, கணவன்தான். பிள்ளைகள் காதலிக்கும்போது செல்லமாகச் சொல்வது அது. உயிர்த்தோழிகள் இருவர் தங்களுக்குள்ளேயே vk என்று கூப்பிட்டுக்கொள்வதும் உண்டு. தமிழில் 'பொண்டாட்டி', 'புருஷா' என்று நம் பிள்ளைகளும் கூப்பிட்டுக்கொள்கிறார்கள், அதே விளையாட்டு வாசனையோடு. அவற்றை எடுத்துக்கொள்ளலாம். அம்மாவின் பார்வையில் கதை போனால், அவள் மகளுடைய கைப்பேசியில் அதைப் பார்த்துப் பதறும் காட்சிக்கும் 'பொண்டாட்டி' சரியாக வேலை செய்யும்.

"thả thính, trẻ trâu மாதிரி படம் காட்டுற சொற்களை நேரா மொழிபெயர்க்கலாமா?"

படம் தமிழில் என்ன சொல்கிறது என்று முதலில் பாருங்கள். thính என்பது வறுத்துப் பொடித்த அரிசி. மீனுக்குப் போடும் இரை. thả thính என்றால் அந்த இரையைத் தண்ணீரில் விடுவது, அதாவது யாராவது மயங்கட்டும் என்று இனிக்க இனிக்கப் பேசுவது. தமிழில் 'நூல் விடுறான்' இருக்கிறது, கச்சிதமான சொல். ஆனால் அடுத்த வரியில் dính thính, 'இரையில் ஒட்டிக்கொண்டாள்' என்று மீன் கதை தொடர்ந்தால் நூலில் மீன் சிக்காது. அப்போது முதலிலிருந்தே 'தூண்டில் போடுறான்', 'மாட்டிக்கிட்டா' என்று போங்கள். அதனால் ஒரு சொல்லை முடிவு செய்யும் முன் பத்து வரி தள்ளிப் படித்துவிடுவது நல்லது.

trẻ trâu நேர்மாறு. நேர்ப்பொருள் 'எருமைப் பிள்ளை'. வெட்டிப் பெருமை பேசி, வம்புக்கு இழுத்து, தன்னைப் பெரிய ஆள் என்று நினைக்கும் பக்குவமில்லாத பையன். தமிழில் எருமை என்றால் சொரணை இல்லாதது, அசையாதது. படத்தை அப்படியே கொண்டுவந்தால் துள்ளுகிறவன் தூங்குமூஞ்சி ஆகிவிடுவான். 'அரைவேக்காடு' அல்லது 'பொடிப்பய' போதும். இந்தச் சொல்லுக்கு ஒரு பேரப்பிள்ளையும் உண்டு: sửu nhi. sửu என்பது ராசிச் சக்கரத்தின் எருமை வருடம், nhi குழந்தை. அதே trẻ trâu-வை வேண்டுமென்றே பண்டிதச் சொற்களில் சொல்வது. தமிழில் ஒரு வடமொழிப் பூச்சு கொடுத்தால் அந்தக் கேலி வந்துவிடும்: 'பால்ய சிங்கம்' என்று நான் ஒருமுறை எழுதினேன்.

"அவளுக்கு ஒரு tuesday இருக்குனு வருது. செவ்வாய்க்கிழமைக்கும் காதலுக்கும் என்ன சம்பந்தம்?"

வியட்நாமியத்தில் ஞாயிறு தவிர மற்ற கிழமைகளுக்கு எண்தான் பெயர். திங்கள் thứ hai, 'இரண்டாவது'; செவ்வாய் thứ ba, 'மூன்றாவது'. இருவருக்கு நடுவில் வரும் ஆளை người thứ ba, 'மூன்றாவது ஆள்' என்பார்கள். 'மூன்றாவது'க்கும் செவ்வாய்க்கும் ஒரே சொல் என்பதால், பிள்ளைகள் அதை ஆங்கிலத்துக்குத் தாவி tuesday ஆக்கினார்கள். காதலர்களைப் பிரிக்க வந்தவள் என்று பொருள். trà xanh, 'பச்சைத் தேநீர்' என்ற இன்னொரு பெயரும் அதே ஆளுக்கு உண்டு. அப்பாவி முகத்தோடு வருகிறவள்.

முதல் தடவை இதைப் பார்த்தபோது நான் 'செவ்வாய்' என்று எழுதி ஓரத்தில் விளக்கம் போட்டேன். படித்துப் பார்த்த என் அத்தை, 'பொண்ணுக்குச் செவ்வாய் தோஷமா?' என்று கேட்டார். அவர் கேட்டது நியாயம். காதல், பெண், செவ்வாய் மூன்றும் ஒரே வரியில் வந்தால் தமிழ் வாசகர் மனம் ஜாதகத்துக்குத்தான் போகும், எந்த ஓரக்குறிப்பும் அதைத் தடுக்காது. 'சின்ன வீடு' என்று போடவும் ஆசை வரும். அது கல்யாணமானவன் வைத்துக்கொண்ட தனிக் குடும்பம். பள்ளிக் காதலுக்குப் பாரம் அதிகம். கடைசியில் 'நடுவுல ஒருத்தி பூந்துட்டா' என்று எழுதினேன். கிழமை விளையாட்டு போய்விட்டது, அந்த இழப்பை ஏற்றுக்கொண்டேன். ஆனால் கதையில் யாராவது 'இன்னிக்கு என்ன கிழமை?' என்று இதை வைத்தே கிண்டல் செய்தால் ஏற்றுக்கொள்ள முடியாது; அப்போது tuesday-யை வைத்துவிட்டு, ஒரு பாத்திரத்தின் வாயாலேயே எண்கணக்கைச் சொல்ல வைக்க வேண்டும்.

"chằm Zn, GATO மாதிரி எழுத்து விளையாட்டுக்கு என்ன செய்றது?"

Zn வேதியியலில் துத்தநாகம், வியட்நாமியத்தில் kẽm. chằm kẽm என்று வாய்விட்டுப் படித்தால் trầm cảm, 'மனச்சோர்வு' போலக் கேட்கும். தேர்வு மதிப்பெண் வந்ததும், மழையில் வெளியே போக முடியாதபோதும் பிள்ளைகள் எழுதுவது இது. நோயின் பெயரை வேதியியல் வகுப்புக் கேலியாக்கிக் கனத்தைக் குறைத்திருக்கிறார்கள். அதனால் 'எனக்கு மனச்சோர்வு' என்று எழுதினால் தவறான அபாயமணி அடிக்கும். 'ஒரே டொக்குனு ஆயிடுச்சு', 'மூடு அவுட்' என்றால் போதும்.

அதே பெண் இன்னொரு நாள், குறுக்கமில்லாமல், குறிகள் எல்லாம் சரியாக வைத்து trầm cảm என்று எழுதினால் அங்கே மனச்சோர்வு என்றே எழுதுங்கள். விளையாட்டை விட்டுவிட்டாள் என்பதுதான் செய்தி. எப்போதும் ko எழுதுகிறவள் ஒரு நாள் Không. என்று பெரிய எழுத்தும் புள்ளியுமாக எழுதுவதும் இதே மாதிரிதான். இரண்டாவது கேள்வியில் சொன்ன சோதனையை இங்கே திருப்பிப் போட வேண்டும்: ஒழுங்கான எழுத்துதான் இங்கே கண்ணில் படுகிறது. தமிழில் அதுவரை 'தெர்ல' என்று வந்தவளை அந்த வரியில் மட்டும் 'எனக்குத் தெரியாது.' என்று எழுத வையுங்கள்.

GATO என்பது ghen ăn tức ở-வின் முதலெழுத்துகள். மற்றவர் நன்றாக இருப்பதைப் பார்த்து எரிவது. சேர்த்துப் படித்தால் ga tô, பிரெஞ்சுக்காரர் காலத்தில் வந்த கேக். 'வயித்தெரிச்சல்' தமிழில் தயாராக இருக்கிறது. கேக் படத்தோடு வந்தால் அந்தப் படம் திரையில் தானே தெரியும், அதை வசனத்தில் இழுக்க வேண்டாம்.

"vl, vcl, đm எல்லாம் கெட்ட வார்த்தையாமே. அப்படியே போடணுமா, மென்மையாக்கணுமா?"

வேர் மூன்றுக்கும் ஆபாசம்தான். ஆனால் vl, vcl தோழர்களுக்குள் 'செம' என்ற அளவுக்குத் தேய்ந்துவிட்டன. đẹp vl என்றால் 'அழகா இருக்கு, வெறித்தனம்'. அங்கே ஒரு கெட்ட வார்த்தையைத் தேடி வைத்தால் மூலத்தைவிட நாம்தான் அதிகமாக ஏசியிருப்போம். đm தாயை இழுக்கும் வசவு. கால் இடித்துக்கொண்டவன் தனக்குத்தானே சொன்னால் 'ச்சை'. முகம் தெரியாதவனுக்குக் கீழே எழுதினால் அது அடிக்கப் போவது. தமிழிலும் வசவின் தலையை விழுங்கி வாலை மட்டும் எழுதும் வழக்கம் உண்டு, அதைப் பயன்படுத்துங்கள். பதிப்பாளர் மறுத்தால், வசவை எடுத்துவிட்டு வாக்கியத்தைக் கூர்மையாக்குங்கள்: 'நேர்ல வா, பாத்துக்கிறேன்.' 'ஐயோ' மட்டும் போடாதீர்கள், சண்டை காணாமல் போய்விடும்.

"வரி முடிவுல :)))) நிறைய வருது. அதை எடுத்துடலாமா?"

எண்ணிப் பாருங்கள். =)) யாகூ மெசஞ்சர் காலத்துச் சிரிப்பு, விழுந்து புரள்வது. அடைப்பு கூடக் கூடச் சிரிப்பும் கூடும். ஒரே ஒரு :) மட்டும் இருந்தால் பெரும்பாலும் சிரிப்பில்லை, பல்லைக் கடித்துக்கொண்டு 'சரிங்க' என்பது மாதிரி. அச்சில் நான் முதல் வகையைச் சிரிப்பு முகமாக்குவேன். இரண்டாவதைச் சொல்லில் காட்டுவேன்: 'ரொம்ப நல்லது.'

"எப்போதான் வியட்நாமியச் சொல்லை அப்படியே விடுறது?"

அந்த எழுத்தைப் பற்றியே யாராவது பேசும்போது. போலிக் கணக்கு ஒன்று வகுப்பில் ஒரு பெண்ணைத் துன்புறுத்துகிறது, ஆள் யார் என்று தெரியவில்லை என்று வையுங்கள். மற்றவர்கள் எல்லாம் ஹனோயில் வளர்ந்தவர்கள், ko எழுதுகிறவர்கள். போலிக் கணக்கு மட்டும் எப்போதும் hông என்று எழுதுகிறது. Không-ஐத் தெற்கில் சொல்லும் விதம். அதை வைத்துத்தான் சைகோனிலிருந்து மாறி வந்த தோழி மாட்டுகிறாள். இங்கே இரண்டையும் 'இல்ல' ஆக்கினால் துப்பு அழிந்துவிடும்.

முதல் தடவை வரும்போது கதை ஓட்டத்திலேயே சொல்லிவிடலாம்: 'ko என்றுதான் எல்லாரும் தட்டுவார்கள், தெற்கத்திக்காரர்கள்தான் hông என்பார்கள்.' மூலத்தில் இல்லாத அரை வாக்கியம் அது, சேர்ப்பதில் எனக்குக் கூச்சமில்லை. அடிக்குறிப்பாகப் போட்டால் துப்பை விரலால் சுட்டிக்காட்டிய மாதிரி ஆகிவிடும். வசனவரியில் இதற்கெல்லாம் இடமில்லை. அங்கே ஒரு பாத்திரத்துக்கு மட்டும் 'இல்லயே' என்று ஒரு பழக்கத்தைத் தொடக்கம் முதல் கொடுத்து, கடைசியில் அதையே துப்பாக்குங்கள்.

"தெற்கத்திப் பேச்சுக்கு மதுரைத் தமிழ், வடக்குக்குச் சென்னைத் தமிழ்னு போட்டா எப்படி?"

வேண்டாம். வாசகருக்கு ஹனோய் மறைந்து வைகையாறு தெரியும். வடிவேலு வசனங்களையும் அதே காரணத்துக்காக ஒதுக்குகிறேன். 'ஆணியே புடுங்க வேண்டாம்' என்று ஒரு ஹனோய்ப் பெண் சொன்னால் அவள் அந்த நொடியே தமிழ்நாட்டுப் பெண் ஆகிவிடுவாள். இன்றைய மீம் சொல்லை இன்றைய மீம் சொல்லால் நிரப்பினால் இரண்டு வருடத்தில் புத்தகமே பழசாகும். 'நூல் விடுறது', 'ஆளு', 'வயித்தெரிச்சல்' போல நம் அண்ணன்கள் காலத்திலும் இருந்து இப்போதும் இருக்கிற சொற்களை முதலில் தேடுகிறேன்.

"கதை இல்லை, ஒரு புகாருக்காக ஒரு பையனோட அரட்டையை மொழிபெயர்க்கச் சொல்றாங்க. இதே முறைதானா?"

இல்லை, அங்கே மேலே சொன்ன எந்தச் சுதந்திரமும் கிடையாது. மூன்று பத்தியாக எழுதுங்கள்: திரையில் உள்ளபடி ஒன்று, குறிகளோடு விரித்த வியட்நாமியம் ஒன்று, நேர்ப்பொருள் தமிழ் ஒன்று. e ban r போன்ற வரிக்கு இரண்டு பொருள் சாத்தியம் என்றால் இரண்டையும் எழுதி, எது ஏன் பொருத்தம் என்று பக்கத்தில் குறியுங்கள். vl-ஐ 'வெறித்தனம்' ஆக்க வேண்டாம். வேர்ச்சொல் ஆபாசம், பேச்சு வழக்கில் மிகைச்சொல் என்று இரண்டையும் சொல்லுங்கள். chết t r என்ற வரி வந்தால் 'நான் செத்தேன் ஆச்சு' என்ற நேர்ப்பொருளோடு, 'மாட்டிக்கிட்டேன்' என்ற வழக்குப் பொருளையும் எழுதுங்கள். சிரிப்பு அடைப்புகள் எத்தனை என்பதையும் மாற்றாமல் வையுங்கள். எது மிரட்டல், எது விளையாட்டு என்று முடிவு செய்வது விசாரிக்கிறவர் வேலை. அதற்கு அவருக்கு அந்த அடைப்புகள் ஒவ்வொன்றும் தேவைப்படும்.